அம்மாவின் ஷெங்கன் விசாவில் நாள் கூடிவிட்டது, என்ன செய்வது?

மஞ்சக்குப்பத்துக்காரன்
வணக்கம். கடலூர்க்காரன், வேலைக்காக பாரீஸ் பக்கம் வந்து 5 மாதம் ஆகிறது. அம்மா என்னைப் பார்க்க வந்திருக்கிறார். அவருடைய விசா முடிந்துவிட்டது என்று இன்று இரவுதான் தெரிந்தது. பிடித்துக்கொள்வார்களா? இனிமேல் வரவே முடியாதா? எக்ஸ்டென்ஷன் போட முடியுமா? அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. யாராவது உடனே பதில் சொல்லுங்கள்.

ஷார்ஜா ராஜா
தம்பி, பயப்படாதீங்க. இங்கே விசிட் விசாவில் நாள் கூடினால் நாளுக்கு 50 திர்ஹாம் கட்டச் சொல்வார்கள், கட்டினால் முடிந்தது. ஏர்போர்ட்டில் அந்த கவுன்ட்டரைக் கேட்டுக் கட்டிவிடுங்கள். நான் 2011-ல் வந்த புதிதில் கம்பெனிக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு விசாவைப் புதுப்பிக்காமல் விட்டார். 3 மாதம் ஒரே அறையில் 9 பேர். குப்பூஸும் தயிரும்தான் சாப்பாடு. அதைவிட இது பெரிய விஷயமில்லை.

வில்லியனூர் செந்தில்
விசாவுக்கு 15 நாள் கிரேஸ் உண்டு. என் மாமியாருக்கு விசா ஸ்டிக்கரிலேயே 15 நாள் கூட்டிப் போட்டிருந்தார்கள். அதனால் நிதானமாகவே கிளம்பலாம்.

சார்செல் அக்கா
செந்தில் தம்பி சொல்வதில் பாதிதான் சரி. அந்தப் பாதியை நம்பித்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள்.

மஞ்சக்குப்பம் தம்பி, அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள். ஸ்டிக்கரில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? அதற்குக் கீழே நாட்கள் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் என்ன எண்? அம்மா இறங்கியது என்றைக்கு? திரும்பும் டிக்கெட் என்றைக்கு, எந்த ஊர் வழியாக? இது தெரியாமல் யார் சொல்வதும் குருட்டாம்போக்குதான்.

மஞ்சக்குப்பத்துக்காரன்
மன்னிக்கணும் அக்கா, பதற்றத்தில் எழுதாமல் விட்டேன். மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை என்று இருக்கிறது. நாள் கட்டத்தில் 45. இறங்கியது மார்ச் 3. டிக்கெட் ஏப்ரல் 24, ஃபிராங்ஃபர்ட் வழியாக சென்னை. புதுச்சேரியில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் 29 வரை இருக்கலாம் என்றார், நானும் அந்தத் தேதியை மட்டும்தான் பார்த்தேன். இன்று ஏப்ரல் 18.

சார்செல் அக்கா
சரி, இப்போது கணக்குப் போடலாம். இறங்கிய நாளே முதல் நாள். மார்ச் 3-லிருந்து 31 வரை 29 நாள். மீதி 16 நாள் ஏப்ரலில். ஆக ஏப்ரல் 16 அன்றே 45 முடிந்தது. 29 என்பது அந்த 45 நாளை எந்த இடைவெளிக்குள் பயன்படுத்தலாம் என்பதற்கான எல்லை மட்டும்தான். பயணம் நாலு நாள் முன்பின் ஆனாலும் விசா வீணாகக் கூடாதே என்று அந்த இடைவெளியில் 15 நாள் சேர்த்துக் கொடுக்கிறார்கள். செந்தில் சொன்ன கிரேஸ் அதுதான். தங்கும் நாளோடு அது சேராது.

ஆக இன்றைக்கு 2 நாள் கூடியிருக்கிறது. 24 வரை காத்திருந்தால் 8 நாள் ஆகும்.

எக்ஸ்டென்ஷன் கேட்டிருந்தீர்கள். அது உண்டு, ஆனால் 16-ஆம் தேதிக்கு முன்பே ப்ரெஃபெக்சர் என்ற அரசு அலுவலகத்தில் கேட்டிருக்க வேண்டும், கிளம்ப முடியாததற்கு நிஜமான காரணமும் இருந்திருக்க வேண்டும். தேதி தாண்டிய பிறகு பிரயோஜனமில்லை. இனி நேர்மையான வழி ஒன்றுதான்: சீக்கிரம் கிளம்புவது, கேட்டால் நடந்ததை அப்படியே சொல்வது.

ஈஸ்ட்ஹாம் பாலு
லண்டனில் 30 நாளுக்குள் நம் சொந்தச் செலவில் தானாகக் கிளம்பினால் தடை விதிக்க மாட்டார்கள். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். 8 நாளெல்லாம் கணக்கிலேயே வராது. டிக்கெட்டை மாற்றிக் காசை வீணாக்காதீங்க.

சார்செல் அக்கா
பாலு சார், அது பிரிட்டன் விதி. ஷெங்கனில் இத்தனை நாள் வரை பரவாயில்லை என்று எழுதிவைத்த கணக்கு கிடையாது. ஒரு நாள் கூடினாலும் கூடியதுதான். ஆனால் அதிகாரி அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதில் 4 நாளுக்கும் 8 நாளுக்கும் வித்தியாசம் உண்டு. தெரிந்த பிறகும் இருந்தாரா, தெரிந்ததும் கிளம்பினாரா என்று பார்ப்பார்கள்.

2025 அக்டோபர் 12-லிருந்து எல்லையில் இஇஎஸ் என்ற கணினிப் பதிவு நடைமுறைக்கு வர ஆரம்பித்துவிட்டது. அம்மா இறங்கியபோது முகத்தைப் படம் எடுத்துக் கைரேகை வாங்கினார்களா? வாங்கியிருந்தால் இயந்திரமே நாளை எண்ணும். முன்பு முத்திரை மங்கலாக இருந்து தப்பியவர்கள் உண்டு, இப்போது அதை நம்ப முடியாது. அந்தப் பதிவு சாதாரணமாக 3 வருஷம் இருக்கும். வெளியேறியதே பதிவாகாவிட்டால் 5 வருஷம்.

காரைக்கால் யூசுப்
இதெல்லாம் ஏழைக்குத்தான். எங்க தாத்தா 1962-ல் கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்திருந்தால் எங்களுக்கு இந்த வரிசையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார், அவர் பேரன் நினைத்தபோது போகிறான் வருகிறான். எனக்கு ஒரு ப்ரெஃபெக்சர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு ராத்திரி 12 மணிக்கு எழுந்து கணினி முன் உட்கார வேண்டியிருக்கிறது.

வில்லியனூர் செந்தில்
அதைச் சொல்லுங்க பாய். நான் வந்த முதல் குளிர்காலத்தில் தங்கும் அட்டை தாமதமாகி சம்பளமே நின்றுபோனது. சோஷியல் செக்யூரிட்டி எண் வர 7 மாதம். நம்மிடம் ஒரு நாள்கூட விட மாட்டார்கள், அவர்கள் தாமதத்தை யாரிடம் கேட்பது?

பேர் வேண்டாம்
சிம்பிள் வழி சொல்றேன். ஊருக்குப் போனதும் பாஸ்போர்ட் தொலைந்தது என்று சொல்லிப் புதுசு எடுத்துவிடுங்கள். புது எண், பழைய கதை போச்சு. இல்லையென்றால் ஒரு டாக்டர் சீட்டு வாங்கிவிடுங்கள்.

சார்செல் அக்கா
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விசாவுக்குக் கொடுத்த கைரேகை 5 வருஷம் அவர்களிடம் இருக்கும். எண் மாறினாலும் விரல் மாறாது. நாலு நாள் தாமதத்தை அதிகாரி மன்னிக்கலாம், பொய்யை மன்னிக்க மாட்டார். பிரிட்டன் விண்ணப்பத்தில் பொய் சொல்லி மாட்டினால் 10 வருஷம் தடை. பாலு சாருக்கே தெரிந்திருக்கும்.

மஞ்சக்குப்பத்துக்காரன்
அக்கா, ஒன்று சொல்ல மறந்தேன். அம்மா ஏப்ரல் 12 அன்று குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியது. டாக்டர் 17 வரை நடக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு உண்மையானதுதான். அதைக் காரணமாகச் சொல்லலாமா?

ஈஸ்ட்ஹாம் பாலு
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இதைத்தான் காட்ட வேண்டும். 16-ஆம் தேதி அம்மாவால் நடக்கவே முடியாதே.

சார்செல் அக்கா
எதிர்பாராத பெரிய காரணத்தால் கிளம்ப முடியாமல் போனது என்று ஆதாரம் காட்டினால் நாள் கூடியவர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க விதி இருக்கிறது. ஆனால் டிக்கெட் முதலிலிருந்தே 24-க்குத்தானே போட்டிருந்தது? கால் வழுக்காவிட்டாலும் 24-தான். அதனால் காலைக் காரணமாகச் சொன்னால், டிக்கெட் வாங்கிய தேதியைப் பார்க்கிற யாருக்கும் புரிந்துவிடும். சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டுங்கள், விழுந்தது உண்மை என்று சொல்லுங்கள். காரணம் மட்டும் தேதியைத் தவறாகப் படித்தது.

ஈஸ்ட்ஹாம் பாலு
எனக்கு இதில் உடன்பாடில்லை. 16-லும் 17-லும் பயணம் செய்ய முடியாது என்பது மருத்துவ உண்மை. அந்த இரண்டு நாளுக்காவது சொல்லலாம்.

சார்செல் அக்கா
அந்த இரண்டு நாளுக்கு மட்டும் என்று தெளிவாகச் சொன்னால் சொல்லலாம். மீதி நாளையும் அதில் மூடப் பார்க்கக் கூடாது.

இப்போது அவசரமானது டிக்கெட். ஃபிராங்ஃபர்ட்டும் ஷெங்கனுக்குள்தான், அதனால் அந்த வழி என்றால் வெளியேறும் சோதனை பாரீஸில் நடக்காது, ஃபிராங்ஃபர்ட்டில்தான் நடக்கும். ஜெர்மனியில் நாள் கூடுவது குற்றச் சட்டத்திலேயே வருகிறது, அங்கே போலீஸ் வழக்கு எழுதலாம். அம்மா தனியாக, பாஷை தெரியாத ஊரில், அடுத்த விமானத்துக்கு ஓடுகிற நேரத்தில் அது வேண்டாம். தோஹா, துபாய் மாதிரி வழியில் போனால் சோதனை பாரீஸிலேயே முடியும், விசா கொடுத்த நாடும் அதுதான். வீல்சேர் கேட்டுப் போடுங்கள், சோதனையில் கூடவே ஒரு பணியாளர் இருப்பார்.

இன்ஷூரன்ஸையும் பாருங்கள். 45 நாளுக்குத்தான் எடுத்திருந்தால் அதுவும் 16-லேயே முடிந்திருக்கும். கிளம்பும்வரை நாலு நாளுக்கு ஒன்று எடுத்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பத்துக்காரன்
பார்த்தேன், 16-லேயே முடிந்திருக்கிறது. தோஹா வழியாக ஏப்ரல் 20-க்கு ஒரு வழி டிக்கெட் கிடைக்கிறது. பழைய டிக்கெட்டில் வரி மட்டும்தான் திரும்பி வருமாம். போடுகிறேன். அம்மா கையில் என்ன கொடுத்து அனுப்புவது?

சார்செல் அக்கா
பிரெஞ்சில் அரைப் பக்கம் ஒரு கடிதம், உங்கள் கையெழுத்தோடும் தொலைபேசி எண்ணோடும். என்றைக்கு இறங்கினார், 45-ஐப் பார்க்காமல் 29-ஐப் பார்த்தோம், 18 அன்று தெரிந்தது, 20-க்கு டிக்கெட் மாற்றினோம். இவ்வளவுதான், கெஞ்ச வேண்டாம். கூடவே பழைய டிக்கெட், புது டிக்கெட், வாங்கிய ரசீது. தேதி பேசும்படி விடுங்கள். அதிகாரி ஏதாவது காகிதம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், உடனே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். வெளியேறும் உத்தரவோ தடையோ இருந்தால் முறையீட்டுக்கு நாள் கணக்கு உண்டு, வக்கீலைப் பார்க்க வேண்டிவரும். வெறும் கேள்வியோடு விட்டால் அது வேறு.

மஞ்சக்குப்பத்துக்காரன்
அம்மாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "நாலு நாள் முன்னாடி போறதுக்கா இப்படி இருக்கே"ன்னு கேட்டார்.

—

மஞ்சக்குப்பத்துக்காரன்
அம்மா வீடு வந்து சேர்ந்துவிட்டார். சோதனையில் 10 நிமிஷம் நிறுத்திக் கடிதத்தை வாங்கிப் படித்தார்களாம். ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறார்கள், தமிழிலேயே தேதியைக் காட்டியிருக்கிறார். காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. காகிதம் எதுவும் கொடுக்கவில்லை, முத்திரையும் இல்லை. கணினியில் என்ன எழுதினார்கள் என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் விண்ணப்பித்தால் கிடைக்குமா?

வில்லியனூர் செந்தில்
கண்டிப்பாகக் கிடைக்கும் தம்பி.

சார்செல் அக்கா
கண்டிப்பாக என்று யாரும் சொல்ல முடியாது. 4 நாள் அவர்கள் திரையில் தெரியும் என்று வைத்துக்கொண்டே விண்ணப்பியுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் அதே கடிதத்தின் நகலையும் ரசீதையும் நீங்களே இணையுங்கள். வேறு நாட்டுப் படிவத்தில் இந்தக் கேள்வி வந்தாலும் ஆம் என்று போட்டு 2 வரி எழுதுங்கள். 60 நாள் கேட்க வேண்டாம், 30 கேளுங்கள், அதற்குள் திரும்பும் டிக்கெட்டையும் காட்டுங்கள்.

அம்மாவின் போர்டிங் பாஸை எறிந்துவிடச் சொல்லாதீர்கள். அந்த மை சீக்கிரம் அழியும், இன்றே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்துக்காரன்
சொன்னேன் அக்கா. சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். தம்பி போய்ப் படம் எடுக்கிறான்.