ஃபிரிட்ஜ் 4 டிகிரி காட்டுகிறது, ஆனால் மாலைக்குள் பால் வாடை மாறுகிறது. எங்கே தவறு?

கேள்வி:
சின்ன காபி கடை. எஸ்பிரெசோ மெஷினுக்கு நேர் கீழே ஃபிரிட்ஜ். முகப்பில் எப்போதும் 4 டிகிரிதான் காட்டுகிறது. காலையில் பிரித்த பாட்டில் மாலை நான்கு மணிக்கெல்லாம் லேசாகப் புளித்த வாடை அடிக்கிறது. நுரையும் பெரிய குமிழாக வந்து உடனே அமுங்கிவிடுகிறது. காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஜக்கில் மிஞ்சும் பாலைக் கொட்டாமல், அதன் மேலேயே புதுப்பால் ஊற்றி மறுபடி நீராவி கொடுக்கிறோம். ஃபிரிட்ஜை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
மாற்ற வேண்டாம். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது. குளிரை 1 டிகிரிக்கு இறக்கி வைத்தால் சரியாகிவிடும். ஜக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், 65 டிகிரி சூட்டில் கிருமி எல்லாம் செத்துவிடும்.

பதில் 2:
ரப்பர் சோதனை சரி. ஜக் விஷயம் அப்படியில்லை. பாலைப் பாஸ்டரைஸ் பண்ண 63 டிகிரியில் 30 நிமிடமோ 72 டிகிரியில் 15 விநாடியோ அந்தச் சூடு நிற்க வேண்டும். ஜக்கில் 65ஐத் தொட்டதும் ஊற்றிவிடுகிறோம். அதோடு, சில கிருமிகளின் வித்துகள் பாஸ்டரைஸ் பண்ணியும் சாகாது. வெதுவெதுப்பில் அவை பெருகி நஞ்சை விட்டுவிட்டால், கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மிச்சத்தை மறுபடி சூடாக்குவதால் அது புதுப்பால் ஆகிவிடாது. மேலே ஊற்றுகிற நல்ல பாலும் கெடுகிறது. நுரை சரியாக வராததற்கும் இது ஒரு காரணம். நீராவித் தண்ணீர் ஏற்கெனவே கலந்த, ஒருமுறை வெந்த பால் அது.

ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். முகப்பில் தெரிவது சென்சார் இருக்கும் இடத்துக் காற்றின் சூடு. பாலின் சூடு அல்ல. இரண்டு தம்ளர் தண்ணீர் எடுத்து, ஒன்றை நடுத்தட்டில், இன்னொன்றைக் கதவில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் கடை திறக்கும் முன்பும், கூட்டம் ஓய்ந்ததும் குச்சித் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். தெர்மாமீட்டரை முதலில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்ததில் முக்கி, 0 காட்டுகிறதா என்று சரிபாருங்கள்.

பதில் 3:
எனக்கும் இதே தொல்லைதான். ஓட்ஸ் பால் காபியில் ஊற்றியதும் திரிகிறது. ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில் 2:
அது வேறு கதை. காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து திரிய வைக்கிறது. இங்கே கேள்வி பாட்டிலிலேயே வாடை மாறுவது.

கேள்வி கேட்டவர்:
அளந்தேன். திறக்கும் முன் நடுத்தட்டு 4, கதவு 6. காலைக் கூட்டம் முடிந்தபோது நடுத்தட்டு 7, கதவு 11! பாட்டிலை வைப்பது கதவில்தான். கூட்ட நேரத்தில் அது ஒரு மணி நேரம்போல மேடையிலேயே இருக்கும்.

பதில் 2:
விடை அதில்தான் இருக்கிறது. 5 டிகிரிக்கு மேல் பால் இருக்கும் நேரமெல்லாம் கூடிக்கொண்டே போகும். திரும்ப உள்ளே வைத்தால் கணக்கு பூஜ்யத்துக்குப் போகாது. மொத்தம் 2 மணி நேரத்துக்குள் என்றால் ஃபிரிட்ஜுக்குத் திருப்பலாம். 2 முதல் 4 மணி நேரத்துக்குள் என்றால் உடனே தீர்க்க வேண்டும். 4 தாண்டினால் கொட்டிவிடுங்கள், வாடை வராவிட்டாலும். உங்கள் பாட்டில் மேடையில் ஒரு மணி நேரம் இருந்தபின் 11 டிகிரிக் கதவுக்குப் போகிறது. மதியத்துக்குள் கணக்கு முடிந்துவிடுகிறது.

பாட்டிலை நடுத்தட்டின் பின்பக்கம் வையுங்கள், சிறிய பாட்டிலாக வாங்குங்கள். ஃபிரிட்ஜின் கண்டென்சரில் தூசி இருந்தால் பிரஷால் தட்டுங்கள். மெஷின் சூடு அதன் மேலேயே இறங்குகிறது. 1 டிகிரிக்கு இறக்குவது மட்டும் போதாது, கதவு திறந்திருக்கும்போது அதனால் பயனில்லை.

ஜக்: ஒரு கோப்பைக்குச் சிறியது, இரண்டுக்குப் பெரியது. அளந்து ஊற்றினால் மிச்சமே வராது. ஊற்றியதும் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். எடுத்ததும் வெந்நீர் விட்டால் பால் புரதம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கடை மூடும்போது சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நன்றாக அலசி, கிருமிநாசினியில், அதன் டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை வைத்து, கவிழ்த்துக் காயவிடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். உள்ளே விரல் வைத்தால் மணல்போல் சொரசொரப்பாக இருந்தால் பால் கல் படிந்திருக்கிறது. சோப்புக்கு அது போகாது, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வைக்க வேண்டும். ஆனால் அதோடு பிளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பதில் 1:
நீராவிக் குழாய்? அதைத் துடைக்கும் ஈரத்துணி நாள் முழுக்க மேடையில்தான் கிடக்கும்.

பதில் 2:
அதைச் சொல்ல விட்டுப்போனது. குழாய் ஆறும்போது பாலை உள்ளே இழுக்கும். அதனால் நுரைத்த உடனே துடைத்து ஒரு தடவை நீராவி விடுங்கள், அடுத்ததற்கு முன்பும் ஒரு தடவை. துணி அதற்கென்றே தனியாக இருக்கட்டும், நாளில் சில முறை மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பாட்டிலை இடம் மாற்றிவிட்டேன், மிச்சத்தைக் கொட்டுகிறேன். வாடை நின்றது. ஆனால் கூட்டத்தில் நடுத்தட்டு இன்னும் 6ஐத் தொடுகிறது. கண்டென்சரில் தூசி இல்லை. ரப்பரில் தாள் ஒரு மூலையில் மட்டும் வழுக்கி வருகிறது. ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமா, கீலையும் பார்க்க வேண்டுமா?