புதுப்பிப்பு: கப்பலூர் கிடங்கில் அடுக்கில் வைக்காமல் அனுப்புவது

முன்பு நான் கேட்டது: "சென்னையிலிருந்து வரும் சோப்பு, பிஸ்கட் பெட்டிகளை அடுக்கில் வைக்காமல் அப்படியே தேனி, சிவகங்கை வண்டிகளில் ஏற்றிவிடலாமா?"

சோப்புக்கு முடிகிறது. "வேகமாக விற்பதையெல்லாம் நேரே அனுப்புங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பாதிதான் சரி. நெடுங்காலம் கிடங்கு மேற்பார்வை பார்த்த அண்ணாச்சிதான் முடிச்சை அவிழ்த்தார்: "லாரியில் ஏற்றும் முன்பே எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று தெரிய வேண்டும், தம்பி."

அதன்படி கடைகளின் ஆர்டரை முன்கூட்டியே சென்னைக்கு அனுப்பிவிடுகிறோம். தேனிக்கு நீலச் சீட்டு, சிவகங்கைக்கு மஞ்சள் என ஒட்டியே பெட்டிகள் வருகின்றன. இறக்கும்போதே எண்ணி, சீட்டைப் பார்த்து அந்தந்த வண்டிக்குத் தள்ளிவிடுகிறோம். சோப்பு வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு போவதால் இது அருமையாகப் பொருந்துகிறது. பண்டிகைக்குப் பண்டிகை தேவை மாறும் பிஸ்கட் வகைகள் அடுக்கிலேயே இருக்கின்றன.

லாரி தாமதமானால் வெளியூர் வண்டிகள் காத்துக் கிடக்கின்றன. மதியத்துக்குப் பிறகும் பெட்டிகள் தரையில் இருந்தால், அடுக்கு இல்லாமலே சேமிக்கிறோம் என்று பொருள். நடைவழி அடைபடும், எண்ணிக்கையும் குழம்பும்.

சில பெட்டிகள் குறைந்தால் வண்டியை நிறுத்துவதா, அனுப்புவதா என்பதில் அண்ணாச்சியும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.