ஒரே கந்தோர், ஒரே பஸ்: "இல்லை" எண்ட பிறகு பழையபடி கதைக்கிறது எப்பிடி?

பரந்தன் பெடியன்: கிளிநொச்சியில ஒரே கந்தோர். பஸ்ஸும் ஒண்டுதான். அவ "விருப்பமில்லை, ஆனா நண்பராய் இருப்பம்" எண்டிட்டா. சிநேகிதம் கெடாமல் மனசை எடுக்கிறது எப்பிடி?

குளத்தடி: பிளாக் பண்ணுங்கோ. 21 நாளில எல்லாம் மறந்திடும்.

மாங்குளம் அக்கா: தூரம் வேணும் எண்டது சரி தம்பி. ஆனா பிளாக் பண்ணினா நாளைக்கே கந்தோர் முழுக்கக் கதை. 21 நாள் கணக்கும் சரிவராது, இதுக்கு மாதக்கணக்கில எடுக்கும். ஒருக்கா மட்டும் சொல்லுங்கோ: "கோபமில்லை, எனக்குக் கொஞ்சக் காலம் வேணும்." பிறகு வேலைக்கதை மட்டும். வட்ஸ்அப்பில அவவின்ர ஸ்டேட்டஸை மியூட் பண்ணி, சாட்டை ஆர்கைவில போடுங்கோ. அவவுக்குத் தெரியவராது.

மனசைப் பிடிச்சு வைக்கிறது அவ சொன்ன "இல்லை" இல்லை. ஒருநாள் உடனே பதில், மற்ற நாள் ரெண்டு நீலக்கோடு மட்டும். அந்த நிச்சயமில்லாமைதான் ஆசைக்குத் தீனி. "சாப்பிட்டீங்களோ" எண்டு அவ சும்மா கேட்டதையும் இரவு முழுக்கப் பிரிச்சுப் பார்க்க வைக்கும்.

நந்திக்கடல் காற்று: பெடியன்ர வீட்டால ஆள் விட்டுக் கேட்டுப் பார்க்கலாமே? என்ர மச்சானுக்கு அப்பிடித்தான் சரிவந்தது.

மாங்குளம் அக்கா: தம்பி கேட்டது அதில்லை. அவ மறுமொழி சொல்லிட்டா. இனி ஆள் விட்டா அது நெருக்குவாரம்.

இன்னொண்டு, உதவி. அவவுக்கு ரீலோட் போட்டு விடுறது, மழைக்கு மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு போய் விடுறது எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. மற்ற ஆக்களுக்குச் செய்யாததை அவவுக்கு மட்டும் செய்தா உள்ளுக்குள்ள கடன்கொப்பி ஓடுது எண்டு அர்த்தம். பிறகு "இவ்வளவு செய்தனே" எண்டு வெடிக்கும். கூடுதலாச் சிநேகிதம் முறியிறது இதில.

பரந்தன் பெடியன்: திரும்பிக் கதைக்கலாம் எண்டு எப்பிடித் தெரியும்?

மாங்குளம் அக்கா: அவவுக்குக் கலியாணம் பேசீனமாம் எண்டு ஆரும் சொன்னா என்ன நடக்குது எண்டு பாருங்கோ. கொஞ்சம் குத்தும், அது பரவாயில்லை. ஆனா உடன போனை எடுத்து மாப்பிள்ளை ஆர் எண்டு தேடினா இன்னும் காலமில்லை. அதேபோல, அவ பதில் போடேல்லை எண்டதை அடுத்தநாள்தான் கவனிச்சீங்கள் எண்டா நல்ல சகுனம்.

முதல்ல தனியச் சந்திக்க வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கந்தோர் ஆக்கள் சேர்ந்து போனா அதுக்குள்ள ஒராளாப் போங்கோ. பழைய கதையைக் கிண்டாமல் வந்திட்டீங்கள் எண்டா பிறகு பஸ்ஸில பக்கத்தில இருந்து கதைக்கலாம். முந்தின மாதிரி இரவு பதினொரு மணிக்கதை திரும்பி வராது. வரவும் கூடாது.

குளத்தடி: "எனக்கு இப்ப ஒண்டுமில்லை" எண்டு அவவுக்குச் சொல்ல வேணுமோ? சொன்னாத்தானே அவவும் பயமில்லாமல் பழகுவா.

மாங்குளம் அக்கா: சொல்லுறதே திரும்பிக் கதையைத் தொடக்குற சாட்டாப் போயிடும். நடத்தையில தெரியட்டும்.

குளத்தடி: அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டன் அக்கா. அவ கேட்டா?

மாங்குளம் அக்கா: கேட்டா ஒரு வசனத்தில சொல்லலாம். ரெண்டாவது வசனம் வேண்டாம்.