ஆப்பில் தினமும் 1500 கலோரிதான், ஆறு வாரமாக எடை இறங்கவில்லை

மேன்ஷன்வாசி: எல்லாவற்றையும் தராசில் வைத்துத்தான் சாப்பிடுகிறேன். சோறு, பருப்பு, சிக்கன், அவ்வளவுதான். 78 கிலோவிலேயே நிற்கிறது. தைராய்டு பார்க்க வேண்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

வடகறி: தராசில் எப்போது வைக்கிறீர்கள், சமைக்கும் முன்பா பின்பா?

பழைய_உறுப்பினர்: இதை நூறு முறை எழுதியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்கலாம்.

சுகர்அம்மா: எனக்கும் இப்படித்தான் இருந்தது தம்பி. சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறினேன், இறங்கியது.

மேன்ஷன்வாசி: அரிசியாகத்தான் நிறுக்கிறேன். மதியம் 150 கிராம், ராத்திரி 100. ஆப்பில் "Rice, white, cooked" போடுகிறேன். சோறாகத்தானே சாப்பிடுகிறேன்!

வடகறி: பிடிபட்டுவிட்டது. 250 கிராம் சோறு என்று ஆப் நினைத்து 325 கலோரி காட்டும். நீங்கள் சாப்பிட்டது 250 கிராம் அரிசி, கிட்டத்தட்ட 875. தினமும் 550 கலோரி கணக்கில் வரவே இல்லை. சிக்கன் எப்படி?

மேன்ஷன்வாசி: வெந்த பிறகு, எலும்பில்லாமல் 150 கிராம். பட்டியலில் முதலில் வந்த பச்சை சிக்கனை எடுத்தேன்.

வடகறி: அது வேறு மாதிரித் தவறு. அரிசி தண்ணீர் குடித்து ஊதும், கறி தண்ணீர் விட்டுச் சுருங்கும். 150 கிராம் வெந்த நெஞ்சுக்கறி பச்சையில் 200 இருந்திருக்கும். ஆப்பில் 180 கலோரி என்று எழுதியது உண்மையில் 245 பக்கம். புரதமும் குறைவாகப் பதிவாகிறது.

ஜிம்_பாண்டி: சோற்றை நிறுத்து மூன்றால் வகுத்தால் அரிசி வந்துவிடும். எல்லா வீட்டிலும் இதே கணக்குதான்.

வடகறி: குக்கரில் உதிரியாக வைத்தால் இரண்டரை மடங்குதான் வரும், குழைந்தால் மூன்றைத் தாண்டும். வெறும் பாத்திரத்தை ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். வெந்ததும் பாத்திரத்தோடு நிறுத்து அதைக் கழியுங்கள். 300 கிராம் அரிசி 840 கிராம் சோறானால், தட்டில் விழும் 280 கிராம் என்பது 100 கிராம் அரிசி. பருப்புக்கு இந்த மடங்கை நம்ப வேண்டாம், சாம்பாரில் தண்ணீர் தினமும் மாறும். பருப்பாக நிறுத்து, எத்தனை பங்கோ அத்தனையாகப் பிரியுங்கள்.

ஜிம்_பாண்டி: வடித்த சோற்றில் கஞ்சியோடு மாவு போய்விடுகிறதே, அதற்கென்ன கணக்கு?

பழைய_உறுப்பினர்: கொஞ்சம்தான் போகும். அதற்காக யாரும் இளைத்ததில்லை.

ஜிம்_பாண்டி: எங்கள் வீட்டில் வடிகஞ்சி ஆடை கட்டும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். அது கொஞ்சமா?

பழைய_உறுப்பினர்: ஆறினால் எந்தக் கஞ்சியும் ஆடை கட்டும். நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

மேன்ஷன்வாசி: நேற்று பார்த்தேன். 150 கிராம் அரிசி, 410 கிராம் சோறு. தைராய்டை இப்போதைக்கு விட்டுவிட்டேன். மெஸ்ஸில் எலும்போடு வரும் மட்டன் குழம்பை எப்படி எழுதுவது?