நேரில் இன்டர்வியூ எடுத்த முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எப்படிக் கேட்பது?

நூல்கண்டு
திருப்பூரில் ஒரு சிறிய தையல் யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் வேலைக்காகப் போன புதன்கிழமை நேரில் போயிருந்தேன். பெரிய கம்பெனிகளுக்கு பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். முதலாளியே கட்டிங் டேபிள் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். ஜாப் ஒர்க் டெலிவரி சலான், அதாவது டி.சி., டாலியில் போடத் தெரியுமா என்று கேட்டார். பில் போட்டிருக்கிறேன், டி.சி. போட்டதில்லை என்றேன். "சனிக்கிழமை சம்பளம் போட்டுட்டு சொல்றேன்" என்று விசிட்டிங் கார்டு கொடுத்தார். இன்று செவ்வாய், 19ஆம் தேதி. இன்னும் பதில் இல்லை. இதை அனுப்பலாமா?

> மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிறுவனத்தில் கணக்காளர் பணியிடத்திற்கான நேர்முகத் தேர்வில் பங்கேற்கும் அரிய வாய்ப்பை நல்கியமைக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனது விண்ணப்பத்தின் தற்போதைய நிலையை அறிய ஆவலாக உள்ளேன். தங்களின் மேலான பதிலை விரைவில் எதிர்நோக்கும், தங்கள் உண்மையுள்ள…

கூடவே ரெஸ்யூமையும் மறுபடி அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

மணி_கோவை
மெசேஜே வேண்டாம், போன் போடுங்கள். இந்த முதலாளிகள் யாரும் வாட்ஸ்அப் படிப்பதில்லை. அனுப்பினாலும் ப்ளூ டிக் வரவில்லை என்றால் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

தரமணி வாசி
எங்கள் ஆபீஸில் இன்டர்வியூ முடிந்த அன்றே எச்.ஆருக்கு நன்றி மெயில் போட்டுவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன், ஆஃபர் லெட்டரும் வந்தது. உங்கள் எச்.ஆரின் மெயில் ஐடியை வாங்கி, பேனலில் இருந்தவர்களையும் சிசியில் போடுங்கள்.

நூல்கண்டு
அண்ணா, அங்கே எச்.ஆர். எல்லாம் கிடையாது. முதலாளி, அவர் மச்சான், ஒரு சூப்பர்வைசர், அவ்வளவுதான். பேனலில் இருந்தது தையல் மெஷின் சத்தம் மட்டும்தான்.

செக்கிங் டேபிள்
யூனிட் நடத்தி, ஆளும் எடுத்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். முதலாளிகள் வாட்ஸ்அப் படிக்காமல் இல்லை, நாள் முழுக்க அதில்தான் இருக்கிறார்கள். சாம்பிள் போட்டோ, டி.சி. போட்டோ, டிரைவர் லொக்கேஷன், "பீஸ் எப்போ வரும்" என்று கம்பெனி மெர்ச்சண்டைசர், எல்லாம் அங்கேதான் வருகிறது. அந்தக் கூட்டத்தில் உங்கள் நம்பர் சேவ் ஆகாத நம்பர். நோட்டிஃபிகேஷனில் அவர் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான். உங்கள் மெசேஜில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிறுவனத்தில்". லோன் கொடுக்கிறவன் என்று நினைத்துத் தள்ளிவிடுவார். மெசேஜ் முழுக்கத் தேடினாலும் உங்கள் பெயரும் இல்லை, என்றைக்கு வந்தீர்கள் என்பதும் இல்லை.

முதல் வரியிலேயே பெயர், வந்த கிழமை, எந்த வேலை என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். அதற்கு அடுத்து அவர் உங்களிடம் கேட்ட விஷயம். டி.சி. பற்றிக் கேட்டார் அல்லவா, அவர் மனதில் உங்களைப் பற்றி நிற்கிற ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும். டாலியில் ஜாப் ஒர்க் வசதியை ஆன் செய்தால் Material Out, Material In என்று இரண்டு வவுச்சர் வரும். எஜுகேஷன் மோடிலேயே போட்டுப் பாருங்கள். நிஜமாகப் போட்டுப் பார்த்த பிறகு அதை ஒரு வரி எழுதுங்கள். பார்க்காமல் எழுதினால், அவர் கூப்பிட்டு உட்காரவைக்கிற முதல் நாளே தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வி. "விண்ணப்பத்தின் நிலை" என்றால் அவர் என்ன டைப் செய்வார், பாவம்? நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> வணக்கம் சார். நான் (பெயர்), போன வாரம் புதன்கிழமை அக்கவுண்ட்ஸ் வேலைக்கு நேரில் வந்து பார்த்தேன்.
> ஜாப் ஒர்க் டி.சி. பற்றிக் கேட்டீர்கள். டாலியில் Material Out, Material In இரண்டும் போட்டுப் பழகிக்கொண்டேன்.
> ஆள் முடிவாகிவிட்டதா சார்? நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள், போதும்.

ரெஸ்யூம் வேண்டாம், அவர் டேபிளில் பேப்பராகவே இருக்கும். நேரில் சார் என்று கூப்பிட்டிருந்தால் சார், அண்ணா என்றால் அண்ணா. திடீரென்று ஐயா ஆக்காதீர்கள்.

இன்னொன்று. ப்ளூ டிக்கை அவரவர் ஆஃப் செய்து வைக்கலாம், அதனால் மணி சொன்னதை நம்பி உட்கார வேண்டாம். ஆனால் போன் போடுவதை அவர் சொன்னது முழுத் தப்பும் இல்லை. மெசேஜுக்குப் பதில் இல்லாமல் மூன்று நான்கு நாள் போனால், மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒரே ஒரு போன். எடுக்கவில்லை என்றால் அதோடு விடுங்கள்.

நூல்கண்டு
இவ்வளவு நினைக்கவே இல்லை. நன்றி அண்ணா. அப்புறம், "சம்பளம் பார்த்துப் பண்ணிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதையும் சேர்த்துக் கேட்டுவிடவா? வேறு இடத்திலும் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வரி போட்டால் சீக்கிரம் சொல்வாரா?

செக்கிங் டேபிள்
இரண்டும் வேண்டாம். வேறு இடம் என்று எழுதினால் மிரட்டுகிற மாதிரி தெரியும், "அங்கேயே போப்பா" என்று முடித்துவிடுவார். சம்பளத்தை அதில் எழுதாமல் இருக்க வேறு காரணம் உண்டு. கார்டில் இருப்பது பெரும்பாலும் ஆர்டர் எடுக்கிற போன் நம்பர். அதே வாட்ஸ்அப்பை ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருப்பார்கள், சூப்பர்வைசரும் மச்சானும் படிப்பார்கள். அங்கே இருக்கிற ஆட்கள் என்ன வாங்குகிறார்கள் என்ற பேச்சு உங்களால் ஆரம்பித்தது என்று ஆக வேண்டாம். வரச் சொன்னால் நேரில் கேளுங்கள்.

பட்டன்_ஹோல்
எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. சம்பளம் தெரியாமல் பல்லடத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப்போய், மாசக் கடைசியில் தொகையைப் பார்த்து நொந்தவள் நான். ஒரு வரி கேட்பதில் என்ன மரியாதைக் குறைவு?

செக்கிங் டேபிள்
கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மிணி, அந்த நம்பரில் வேண்டாம் என்கிறேன். சேருவதற்கு முன்னால் கேட்டே ஆக வேண்டும், அதில் நீங்கள் சொல்வது சரி.

தம்பி, நேரம் மட்டும் கவனியுங்கள். நாளை 20, ஜிஎஸ்டிஆர் 3பி மாத ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அக்கவுண்டன்ட் இல்லாத யூனிட்டில் இன்றும் நாளையும் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். வியாழன் காலை 11 மணிவாக்கில் அனுப்புங்கள். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், சம்பள நாள்.

ஆடிட்டர் ஆபீஸ் பையன்
எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கணக்குக்கு ஆள் இல்லையே என்று அவர் தலையில் கை வைக்கிற நாளே இன்றுதான். இன்றைக்கே அனுப்பினால் வேலை நடக்கும். தவிர, சின்ன யூனிட் பலதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவை. அப்படி இருந்தால் இந்த 20ஆம் தேதிக்கும் அவருக்கும் சம்பந்தமே இருக்காது.

நூல்கண்டு
டாலியில் போட்டுப் பார்க்க எனக்கே ஒரு நாள் வேண்டியிருந்தது. அதனால் வியாழன் காலைதான் அனுப்பினேன். அனுப்பியதும் "தங்கள் ஆர்டர் விவரங்களை அனுப்பவும்" என்று பதில் வந்தது, ஒரு நொடி பயந்துவிட்டேன்.

மணி_கோவை
அது பிசினஸ் வாட்ஸ்அப்பில் தானாகப் போவது. அதற்குப் பதில் போட்டுவிடாதீர்கள்.

நூல்கண்டு
போடவில்லை. சாயங்காலம் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. என்ன அர்த்தம்?

பட்டன்_ஹோல்
ஆள் எடுத்தாகிவிட்டது, வாயால் சொல்லச் சங்கடப்படுகிறார்.

செக்கிங் டேபிள்
"பார்த்தேன்" என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். நன்றி சார் என்றுகூட இப்போது போட வேண்டாம். திங்கள் வரை பார்த்துவிட்டு அந்த ஒரு போனைப் போடுங்கள். வேறு இடத்தில் கூப்பிட்டால் அதற்கிடையில் தயங்காமல் போய்ப் பாருங்கள்.