வேலைக்குப் போய்க்கொண்டு டிசம்பர் எஃப்ஆர்: கிழமை அட்டவணை சரியா?

சீனக்குடா_கணக்கு: கணக்குப் பகுதியில வேலை, சீனக்குடாவில 8.30 – 5. வீடு உவர்மலை. டிசம்பரில ஏசிசிஏ கணக்காளர் சோதனையில எஃப்ஆர் எண்ட நிதி அறிக்கையிடல் பாடம் எழுதப்போறன். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை இரவு 7 – 10, செப்டெம்பர் 6இல தொடங்குறன். இந்த அட்டவணை சரிவருமா?

உப்புவெளி அக்கா: தம்பி, முதல்ல கலண்டரை எடுத்து மாசக் கடைசிகளை வெட்டுங்க. 28ஆந் திகதியிலிருந்து 5 வரை கணக்கு மூடுற நாள்கள், அதில 7 மணிக்கு வீட்டில இருக்கவே மாட்டீங்க. டிசம்பர் சோதனை வாறதும் மாசத்தின்ர முதல் கிழமையில. அதாவது நவம்பர் கணக்கு மூடுறதும் சோதனையும் ஒண்டா விழும். அதனால படிப்பு முடியிற நாள் நவம்பர் 26 எண்டு வைங்க. லீவை ஒக்டோபரிலயே எழுதிக் குடுங்க, நவம்பரில கேட்டா ஒருத்தரும் தரமாட்டினம். பார்த்தா பதினொன்றரைக் கிழமை. இடையில வாற ரெண்டு மாசக் கடைசியையும் கழிச்சா ஒன்பதுக்குக் கொஞ்சம் கூடத்தான் மிச்சம்.

திங்கள், செவ்வாய், வியாழன் 7.15 – 9. புதன் வெறுமை. மூண்டில ஒண்டு தவறினா புதன் ஏற்கும். ரெண்டு தவறினா ஒண்டை விட்டிடுங்க, அடுத்த கிழமைக்குக் கடனாக் கொண்டுபோகாதீங்க. வெள்ளி ஓய்வு. புதுப் பாடம் சனி காலை 6 – 9 மட்டும்.

ரிங்கோ_ராசன்: உதெல்லாம் பள்ளிக்கூட நேரசூசி. கிழமைக்கு 10 மணித்தியாலம் எண்டு ஒரு கணக்கு வைச்சு, நேரம் கிடைக்கிறபோது படிச்சா முடிஞ்சுது. மாசக் கடைசியில எந்த அட்டவணையும் உடையும், அதை அக்காவே சொல்லிப்போட்டா. பிறகு எதுக்கு மணிக்கூடு பார்க்கிறது?

உப்புவெளி அக்கா: மாசக் கடைசிக்கு நீங்க சொல்றது சரி. மற்றக் கிழமைகளில என்ன நடக்கும் தெரியுமா? வியாழன் இரவு பார்த்தா மூண்டு மணித்தியாலம்தான் ஆகியிருக்கும், மிச்ச ஏழும் ஞாயிறுக்குப் போகும். அந்த ஏழை நிரப்பப் புத்தகம் வாசிக்கிறதுதான் லேசான வழி, நேரம் வைச்சுக் கேள்வி செய்யிற வேலை முதல்ல விழுந்துபோகும். எஃப்ஆரில 100 புள்ளிக்கு 180 நிமிசம். 20 புள்ளிக் கேள்வி ஒண்டுக்கு 36 நிமிசம். அந்த 36 நிமிசம்தான் வேலைநாள் இரவுக்கு அளவான துண்டு. போன தடவை விட்ட பிழைகளுக்கு 20 நிமிசம், கேள்விக்கு 36, திருத்த 40. திருத்துறது குறைஞ்சா மிச்சம் வீண்.

ஒரு உதாரணம்: தாய்க் கம்பனி துணைக் கம்பனிக்கு 60,000க்குப் பொருள் வித்தது, இலாபம் கொள்விலையில 25%. மூண்டில ஒரு பங்கு துணைக் கம்பனியில இன்னும் விற்காமல் கிடக்கு, அதில இருக்கிற இலாபத்தைக் கழிக்கோணும். 20,000த்தில 25% எடுத்து 5,000 எண்டு எழுதுறவைதான் கூட. 25/125, ஆக 4,000 தான் சரி. புத்தகத்தில வாசிக்கிறபோது எல்லாருக்கும் விளங்கும், 36 நிமிச அவசரத்திலதான் கை 5,000 எழுதும். திருத்தக்க "பிழை" எண்டு மட்டும் போடாமல் "வீதம் கொள்விலையிலயா விற்ற விலையிலயா, பார்க்கேல்ல" எண்டு காரணத்தை எழுதுங்க. அடுத்த அமர்வு அதிலிருந்துதான் தொடங்கும்.

வாட்_இரவு: நான் தாதி, மூண்டு ஷிப்ட். எனக்குத் திங்கள், செவ்வாய் எண்டு வைச்சா ஒத்துவராது. எங்கட தொழில் சோதனைக்கும் இதே முறையா?

உப்புவெளி அக்கா: பாடம் வேற, கேள்வி அளவும் வேற, அதை நான் சொல்லேலாது. ஆனா கிழமை நாளை விட்டிட்டு ஷிப்டோட கட்டலாம் தங்கச்சி. பகல் ஷிப்ட் முடிஞ்ச நாளில அமர்வு, இரவு ஷிப்டுக்கு அடுத்த நாள் ஒண்டும் இல்லை.

ரிங்கோ_ராசன்: சரி, மூடுற கிழமைக்கு என்ன? சும்மா விடுறதா?

உப்புவெளி அக்கா: பத்துத் தெரிவு வினா. ஒண்டுக்கு ரெண்டு புள்ளி, அதுவும் 36 நிமிசம்தான். புதுசா ஒண்டும் தொடாதீங்க.

கோணமலை77: ஒண்டை எல்லாரும் விட்டிட்டியள். சோதனை கம்பியூட்டரில. கடதாசியில செய்து பழகினா, ஒருங்கிணைந்த கணக்கை விரிதாளில அடிக்கிற நேரம் கணக்கில வராது. ஏசிசிஏயின்ர பயிற்சித் தளத்திலயே செய்யுங்கோ. ஒக்டோபருக்குப் பிறகு மழை தொடங்கினா கரண்ட் நிக்கும், லப்டொப்பை 7க்கு முதல் சார்ஜ் பண்ணி வையுங்கோ. போயா நாளில முழு மூண்டு மணித்தியால மாதிரிச் சோதனை.

உப்புவெளி அக்கா: போயாவை நான் ஓய்வுக்கு விடுவன். மாதிரிச் சோதனை ஞாயிறு காலையில, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா காணும்.

கோணமலை77: காணாது. கடைசி மாசத்தில கிழமைக்கு ஒண்டு வேணும், அதுக்கு ஞாயிறு மட்டும் போதாது.

சீனக்குடா_கணக்கு: வெள்ளிக்கிழமை ஓய்வை மாதிரிச் சோதனைக்கு மாத்தினா?

ரிங்கோ_ராசன்: அஞ்சு நாள் வேலை முடிச்ச மூளையோட மூண்டு மணித்தியாலமா? செய்து பாருங்க, கடைசி 40 புள்ளியில என்ன எழுதியிருக்கிறீங்க எண்டு சனி காலையில வாசிங்க.