63 பி-ரோல் ஷாட் இருக்கு, ஆனா பேட்டியில இருக்குற ஜம்ப் கட்டை மூட முடியல. எதை, எத்தனை எடுத்திருக்கணும்?

டைம்லைன்தவிப்பு
சைக்கிள் பழுது பார்க்கிற ஒருத்தரைப் பத்தி சின்ன ஆவணப்படம். பேட்டி 38 நிமிஷம், ஒரே கேமரா, ஒரே ஃப்ரேம். வெட்டிச் சுருக்கினதுல 4 நிமிஷம் 20 நொடி வந்திருக்கு. பேச்சு நல்லாவே ஓடுது. ஆனா 17 இடத்துல வெட்டு விழுந்து, ஒவ்வொண்ணுலயும் அவர் தலை துள்ளுது.

பி-ரோல் 63 ஷாட் இருக்கு. வெளியிலிருந்து கடை 11, ஜிம்பல்ல அவரைச் சுத்தி நடந்தது 20, அவர் குனிஞ்சு வேலை பார்க்கிற வைட் 25, தொங்குற டயர், கருவிகள்னு 7. இவ்வளவு இருந்தும் எதைப் போட்டாலும் ஒட்டல. வைட்டுக்குப் பின்னாடி இன்னொரு வைட் வச்சா அதுவே ஜம்ப் கட் ஆயிடுது.

சனிக்கிழமை அரைநாள் திரும்பப் போக அனுமதி கிடைச்சிருக்கு. எஸ்டாப்ளிஷிங் எத்தனை, பி-ரோல் எத்தனை, இன்செர்ட் எத்தனைன்னு ஒரு கணக்கு சொன்னா உதவியா இருக்கும்.

ஜிம்பல்ராஜா
63 பத்தாது ப்ரோ. படத்தோட நீளத்துக்கு அஞ்சு மடங்கு பி-ரோல் வேணும், அதான் கணக்கு. உங்களுக்கு 20 நிமிஷம். எல்லாத்தையும் 50 ஃப்ரேம்ல எடுத்துட்டு வாங்க. 25 டைம்லைன்ல போட்டா ரெண்டு மடங்கா நீளும், எந்த ஓட்டையையும் அடைச்சிடலாம். எஸ்டாப்ளிஷிங் ஒண்ணு போதும், படம் ஆரம்பிக்கிற இடத்துல.

கத்திரிமேசை
எண்ணிக்கை சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விவரம் வேணும். ஒரு ஷாட் சராசரியா எத்தனை நொடி? வெட்டு விழுகிற இடத்துல அவர் என்ன சொல்லிக்கிட்டு இருக்கார்? அந்த வார்த்தைகளை அப்படியே போடுங்க.

டைம்லைன்தவிப்பு
3, 4 நொடி. ஜிம்பல் ஷாட் மட்டும் 8 வரை போகும்.

ஒரு இடம்: "கம்பியை விரலால தட்டுனாலே தெரிஞ்சிடும், எது தளர்ந்திருக்குன்னு." இன்னொண்ணு: "சக்கரம் ஒரு சுத்துல ஒரே ஒரு இடத்துலதான் பிரேக் கட்டையை உரசும், அதைப் பிடிக்கணும்." இந்த ரெண்டையும் சுத்தி மட்டும் 6 வெட்டு.

கத்திரிமேசை
பதில் அங்கேயே இருக்கு. அவர் கம்பியைத் தட்டுறதைப் பத்திப் பேசும்போது, பார்க்கிறவர் கண் அந்த விரலைத் தேடும். நீங்க காட்டுறது தூரத்துல குனிஞ்ச முதுகு. ஷாட் தவறில்லை, அந்த இடத்துல வேண்டியது அந்த விரலை மட்டும் கிட்டக் காட்டுற இன்செர்ட்.

உங்க 63-ல 56 ஷாட் ஒரே வேலையைத்தான் செய்யுது, 'இவர் இந்த இடத்துல இருக்கார்'னு சொல்றது. அதைச் சொல்ல எஸ்டாப்ளிஷிங் மூணு நாலு போதும். மீதியெல்லாம் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கிட்டு இருக்கு. வைட்டும் வைட்டும் ஒட்டாததுக்கும் இதுதான் காரணம். அளவும் கோணமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும்போது ஆள் மட்டும் கொஞ்சம் இடம் மாறினா, துள்ளலாத்தான் தெரியும். நடுவுல ஒரு கை குளோஸ்அப் வந்துட்டா, அதுக்குப் பின்னாடி ஆள் எங்க நின்னாலும் கண் ஏத்துக்கும்.

ஜிம்பல்ராஜா சொல்ற அஞ்சு மடங்கு எத்தனை கார்டு கொண்டு போகணும்னு பார்க்க உதவும். எதை எடுக்கணும்னு அது சொல்லாது. எல்லாத்தையும் 50-ல எடுத்து மெதுவாக்குறது இந்தப் படத்துக்குக் கெடுதல். கைவேலைக்கு ஒரு வேகம் இருக்கு, பாதியாக்கினா விளம்பரம் மாதிரி ஆயிடும். கூடவே சத்தமும் போயிடும். உரசல் சத்தம் இல்லாம அந்த ரெண்டாவது வரி நிக்காது.

கணக்குக்கு வருவோம். 17 வெட்டையும் தனித்தனியா மூடாதீங்க. பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதைச் சேர்த்தா ஏழு திட்டு வரும்னு நினைக்கிறேன். ஒரு திட்டு சுமார் 18 நொடின்னா மொத்தம் 126 நொடி, அதாவது பாதிப்படம். மீதி நேரம் அவர் முகம் இருக்கட்டும், அதுவும் வேணும். ஷாட்டுக்கு 4 நொடின்னு வச்சா திரையில 32 ஷாட். அதுக்கு 45, 50 எடுத்தா போதும், ஆனா பங்கீடு மாறணும்.

மூணு வேலையைத் தேர்ந்தெடுங்க, சக்கரத்துல கோட்டம் எடுக்கிறது, பஞ்சர், செயின்னு. ஒவ்வொண்ணையும் ஆரம்பத்துல இருந்து முடிவு வரை எட்டு ஷாட்டா எடுங்க, அது 24. பேச்சுல வர்ற வார்த்தைக்குன்னு தனியா 12 இன்செர்ட். வெளியே நாலு. எந்த வரிக்கும் கட்டுப்படாம எங்கேயும் பொருந்துற கட்அவே ஆறு. ஆக 46. ஒரு ஷாட்டுக்கு இடம் மாத்தி, ஃபோகஸ் பார்த்து எடுக்க நாலு நிமிஷம்னா மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும்.

ஒவ்வொண்ணையும் அசையாம 15 நொடி ஓட விடுங்க. 4 நொடி ஷாட்ல பட்டனை அழுத்தின ஆட்டம் முன்னாடி, நிறுத்தப் போற ஆட்டம் பின்னாடி. கையில மிஞ்சுறது 2 நொடி.

டைம்லைன்தவிப்பு
வயித்துல பால் வார்த்தீங்க. கோட்டம் எடுக்கிற எட்டு ஷாட்டை மட்டும் கொஞ்சம் பிரிச்சுச் சொல்ல முடியுமா? அங்கதான் அடிக்கடி மாட்டிக்கிறேன்.

கத்திரிமேசை
முதல் ஷாட், முக்காலியில பூட்டின குளோஸ்அப்: ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மட்டும். சக்கரம் சுத்தும்போது ஒரு இடத்துல இடைவெளி மூடி உரசணும். முழுசா நாலஞ்சு சுத்து எடுங்க. இந்த ஃப்ரேமை அடையாளம் பண்ணி வைங்க, முக்காலிக் கால்களுக்குத் தரையில டேப் ஒட்டிடுங்க. வேலை முடிஞ்சதும் இதே ஃப்ரேம்ல திரும்ப எடுக்கணும். அப்போ இடைவெளி ஒரே சீரா ஓடும். இந்த ரெண்டு ஷாட்டும் கிடைச்சா, நடுவுல எது குறைஞ்சாலும் வேலை முடிஞ்சது பார்க்கிறவருக்குப் புரியும்.

நடுவுல ஆறு: சக்கரத்தைப் பார்க்கிற முகம், கம்பியைத் தட்டுற விரல், கம்பிச் சாவி கம்பி முனையில இருக்கிற நிப்பிளைக் கால் சுத்து திருப்புறது, தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்வையில சக்கரம், ஆளும் சைக்கிளும் சேர்ந்த ஒரு மிட், கம்பிகளுக்கு நடுவால அவர் முகம். சாவி திருப்புறதை மூணு தடவை செய்யச் சொல்லுங்க. கை ஃப்ரேமுக்குள்ள நுழையுறதும் வெளியேறுறதும் பதிவாகணும். காலி ஃப்ரேம்ல தொடங்கிக் காலி ஃப்ரேம்ல முடிஞ்ச இன்செர்ட்டை எங்க வேணும்னாலும் வைக்கலாம். கை ஏற்கெனவே உள்ளே இருந்தா முந்தின ஷாட்டோட கை நிலையும் பொருந்தணும், பெரும்பாலும் பொருந்தாது.

கிட்டப்போய் எடுக்கும்போது ஃபோகஸ் ஆழம் சில மில்லிமீட்டராச் சுருங்கிடும். f/2-ல திறந்து வச்சா விரல் தெளிவா இருக்கும், கம்பி கரைஞ்சிடும். வெளிச்சம் சேர்த்து f/5.6, f/8 பக்கம் போங்க.

ஒலிப்பெட்டி
ஒண்ணு விட்டுட்டீங்க. படத்தை வெட்டினாலும் சத்தம் வெட்டில்லாம ஓடினா அந்த எட்டு ஷாட்டும் ஒரே நிகழ்ச்சியாத் தெரியும். அதனால கோட்டம் எடுக்கிறதை ஆரம்பம் முதல் முடிவு வரை நிறுத்தாம சத்தம் மட்டும் ஒரு தடவை பிடிங்க, மைக் சக்கரத்துல இருந்து ஒரு முழத்துக்குள்ள. கம்பி தட்டுறதைத் தனியா எடுங்க. இறுக்கமான கம்பி மேல் சுருதியில பேசும், தளர்ந்தது மந்தமா ஒலிக்கும். அந்த வித்தியாசம் காதுல விழுந்தா அவர் சொன்ன வரிக்கு வேற சாட்சியே வேண்டாம். யாரும் பேசாத கடைச் சத்தமும் ஒரு நிமிஷம் வேணும்.

பாதிக்கதை
இதே சந்தேகம்தான் எனக்கும். என் குறும்படத்துல கதாநாயகி கடிதம் படிக்கிறாங்க, இன்செர்ட் எடுக்கலை. நடிகை இப்போ வெளியூர்ல. வேற ஒருத்தர் கையை வச்சு எடுத்தா கண்டுபிடிச்சிடுவாங்களா?

கத்திரிமேசை
இது வேற கேள்வி, இருந்தாலும் சொல்றேன். தாராளமா எடுக்கலாம், இன்செர்ட்டைப் பின்னாடி வேற கையை வச்சு எடுக்கிறது வழக்கம்தான். காட்டிக் கொடுக்கிறது நகம், மோதிரம், சட்டைக் கை விளிம்பு, அப்புறம் வெளிச்சம் வர்ற பக்கம். வைட்ல இடது பக்க ஜன்னல்னா இங்கேயும் இடது பக்கம். கடிதத்தை வாய்விட்டு ரெண்டு தடவை வாசிக்கிற நேரம் ஓட விடுங்க.

டைம்லைன்தவிப்பு
சட்டைன்னதும் ஞாபகம் வந்தது. பேட்டியில அவர் நீலக் கோடு போட்ட சட்டை. சனிக்கிழமை அதே சட்டை கிடைக்குமான்னு தெரியல.

கத்திரிமேசை
கேட்டுப் பாருங்க. கிடைக்கலைன்னா குளோஸ்அப்பை மணிக்கட்டுக்குக் கீழே வைங்க. முகமும் மிட்டும் வேற சட்டையில வரும், அதைப் பழைய வைட்களோட ஒரே திட்டுல கலக்காதீங்க. ஒரு திட்டு முழுக்க ஒரே சட்டைன்னா 'இன்னொரு நாள்'னு எடுத்துக்குவாங்க.

ஜிம்பல்ராஜா
சரி, மெதுவாக்குறதை விட்டுடறேன். ஆனா எஸ்டாப்ளிஷிங் நாலு எதுக்கு? தொடக்கத்துல ஒண்ணு காட்டினா இடம் புரிஞ்சிடாதா?

கத்திரிமேசை
புரியும். ஆனா அதை எங்க வைக்கப் போறோம்னு எடிட்லதான் முடிவாகும். இந்தப் படத்தை நான் கட் பண்ணினா, உரசல் சத்தத்தோட ரிம் குளோஸ்அப்ல ஆரம்பிச்சு, 20 நொடி கழிச்சுத்தான் கடையைக் காட்டுவேன். நாலுல ஒண்ணு தூரத்துல இருந்து, தெருவோட. ஒண்ணு கடை முகப்பு நேரா. ஒண்ணு உள்ளேயிருந்து வாசலைப் பார்த்து. கடைசி, கடை மூடுற நேரம். அரைநாள்தான்னா கடைசி கிடைக்காம போகலாம், பரவாயில்லை. முகப்பை மட்டும் பேட்டி எடுத்த அதே மணிக்கு எடுங்க, இல்லைன்னா வெளியே காலை நிழலும் உள்ளே மாலை வெயிலுமா நிக்கும்.

ஒலிப்பெட்டி
குளோஸ்அப்ல தொடங்குறது எனக்கு ஒத்துவராது. சைக்கிள் தெரியாதவருக்கு அந்த முதல் 20 நொடி என்ன பார்க்கிறோம்னே விளங்காது. இடம் முதல்ல தெரியட்டும்.

டைம்லைன்தவிப்பு
ரெண்டு விதமாவும் கட் பண்ணிப் பார்க்கிறேன். இன்னொண்ணு: சனிக்கிழமை கோட்டம் விழுந்த சக்கரம் எதுவும் வராம போனா?

கத்திரிமேசை
அவரையே கேளுங்க. ஒரு பக்கத்துக் கம்பிகள்ல ரெண்டு மூணைப் பக்கத்துப் பக்கத்துல அரைச் சுத்து தளர்த்தினா ரிம் மறுபக்கம் சாயும். பிறகு அதையே அவர் சரி பண்ணுவார். தினமும் செய்யுற வேலை, கேமராவுக்காக ஒரு தடவை செய்யுறதுல தப்பில்லை.

ஒலிப்பெட்டி
ஆவணப்படத்துல கோளாறை நாமே உண்டாக்கிட்டு அதை அவர் கண்டுபிடிக்கிற மாதிரி காட்டலாமா? 'எங்க உரசுதுன்னு பிடிக்கணும்'னு அவர் தேடுறதுதானே அந்தக் காட்சியே. எங்க தளர்த்தினோம்னு அவருக்கு முன்னாடியே தெரியும்.

கத்திரிமேசை
அப்போ தளர்த்துறதை அவர் பார்க்காம வேற யாராவது செய்யட்டும்.

ஒலிப்பெட்டி
அப்பவும் நமக்குத் தெரியுமே.

டைம்லைன்தவிப்பு
வெள்ளிக்கிழமையே அவருக்கு போன் பண்ணி, வர்ற சக்கரத்துல ஒண்ணை எடுத்து வைக்கச் சொல்லிடறேன். முக்காலி டேப் வாங்கியாச்சு. ஞாயிறு ராத்திரி டைம்லைன் படம் போடுறேன்.